மேலே போகப் போக

"பொருள் மாறாமல் மாற்றி எழுதுக" என்ற கட்டளையோடு வரும் ஆங்கிலப் பயிற்சிகள் மீது எனக்குப் பல வருடங்களாக ஒரு மனத்தாங்கல் உண்டு. மாற்றச் சொல்வதில் தவறில்லை. ஒரே செய்தியை இரண்டு அச்சில் வார்க்கத் தெரிந்த பிள்ளைக்கு மொழி பாதி வசப்பட்டது மாதிரிதான். ஆனால் ஜோடியாக வரும் அமைப்புகளை நாம் சொல்லிக்கொடுக்கும் விதம் ஏதோ கோடிட்ட இடத்தை நிரப்புவது போல ஆகிவிட்டது. இங்கே ஒரு "தி", அங்கே ஒரு "தி". இங்கே "நோ சூனர்", அங்கே "தேன்". இங்கே "சோ", அங்கே "தட்". இரண்டு ஆணிகளையும் அடித்துவிட்டால் மதிப்பெண் வந்துவிடும். நடுவில் இருக்கும் வாக்கியம் எதன் மேல் நிற்கிறது என்று யாரும் கேட்பதில்லை.

கோவையில் மாலை நேரத்தில் சில பிள்ளைகளுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிறேன். அதில் ஒரு பெண் கொண்டுவந்த நோட்டுதான் இதை எழுத வைத்தது. மாற்ற வேண்டிய வாக்கியம், "ஆஸ் வீ கோ ஹையர், இட் பிகம்ஸ் கோல்டர்." நாம் மேலே போகும்போது குளிர் கூடுகிறது என்பது செய்தி. எதிர்பார்க்கப்பட்ட விடை, "தி ஹையர் வீ கோ, தி கோல்டர் இட் பிகம்ஸ்." அவள் எழுதியிருந்தது, "இட் பிகம்ஸ் கோல்டர், தி ஹையர் வீ கோ." சிவப்பு மையில் ஒரு பெருக்கல் குறி. பக்கத்தில், "தி இரண்டு முறை வர வேண்டும்." (ஆங்கில வாக்கியங்களைத் தமிழ் எழுத்திலேயே தருகிறேன். இது காதால் கேட்டுப் பார்க்க வேண்டிய விஷயம். ஒரு முறை வாய்விட்டுப் படித்துவிடுங்கள்.)

அவள் எழுதியது சுத்தமான ஆங்கிலம். அதை அடித்தவரைக் குறை சொல்லவும் எனக்கு மனம் வரவில்லை. அவர் கையில் இருக்கும் விடைத்தாளில் இருப்பது ஒரே விடை. திருத்த வேண்டிய நோட்டுகளோ ஒரு கட்டு. ஆனால் அந்தப் பெண் ஒரு கேள்வி கேட்டாள்: "முன்னால் போனால் ஒரு 'தி' ஏன் சார் காணாமல் போகிறது?" காணாமல் போகிறது என்பதை அவளே கவனித்திருக்கிறாள். சூத்திரத்தை மனப்பாடம் செய்தவர்களுக்கு இந்தக் கேள்வி வரவே வராது.

தொடங்குகிற இடம்

முதலில் எதிர்பார்க்கப்பட்ட விடையையே எடுத்துக்கொள்வோம். அதை எப்படிக் கட்டுவது? வாக்கியத்தில் மாறிக்கொண்டே போகிற இரண்டு சங்கதிகள் எவை என்று பார்க்க வேண்டும். உயரம் மாறுகிறது, குளிர் மாறுகிறது. அவற்றைச் சொல்லும் சொற்கள் "ஹையர்", "கோல்டர்". இரண்டையும் அதனதன் பாதியின் தலைக்கு இழுத்து, முன்னால் "தி" போட வேண்டும். மிச்சச் சொற்கள் இருந்த வரிசையிலேயே பின்னால் வரும். "ஆஸ்" உதிர்ந்துவிடும். அவ்வளவுதான் வேலை.

தவறு நடப்பது பெரும்பாலும் அந்த இழுக்கும் வேலையில்தான். "மோர்" என்ற சொல்லை மட்டும் முன்னால் நட்டுவிட்டு, மாறுகிற சொல்லைப் பழைய இடத்திலேயே விட்டுவிடுவார்கள்: "தி மோர் வீ கோ ஹையர், தி மோர் இட் பிகம்ஸ் கோல்ட்." இது எங்கள் வகுப்பில் அடிக்கடி விளையும் பயிர். "ஹையர்" என்பதற்குள்ளேயே "மோர்" இருக்கிறது, இன்னொன்று வேண்டியதில்லை. "டிஃபிகல்ட்" போன்ற நீளமான சொல் வந்தால்தான் "மோர்" வெளியே நிற்கும். அப்போதும் அது தனியாக முன்னால் ஓடக் கூடாது, தன் சொல்லையும் கூட்டிக்கொண்டு போக வேண்டும். "தி மோர் டிஃபிகல்ட் இட் சீம்ஸ்" என்பதே சரி. "தி மோர் இட் சீம்ஸ் டிஃபிகல்ட்" என்றால் காது நெருடும்.

இன்னொரு தயக்கமும் உண்டு. ஒப்பீட்டில் உச்சநிலைக்குத்தான் "தி" வரும், நடுநிலைக்கு வராது என்று கீழ் வகுப்பில் சொல்லிக்கொடுத்திருப்பார்கள். அதை நன்றாகப் படித்த பிள்ளைதான் இங்கே மாட்டிக்கொள்ளும். "ஹையர்" முன்னால் "தி" போடக் கை கூசி, "ஹையர் வீ கோ, கோல்டர் இட் பிகம்ஸ்" என்று விட்டுவிடும். இந்த "தி" அந்த "தி" அல்ல என்பதுதான் விஷயம். பழைய ஆங்கிலத்தில் "அது" என்ற சுட்டுக்கு வேற்றுமை வடிவங்கள் இருந்தன. அவற்றில் ஒன்று கருவிப் பொருளில் வருவது. நம் இலக்கணத்தில் சொன்னால் மூன்றாம் வேற்றுமை. "அதனால்", "அந்த அளவால்" என்பது அதன் பொருள். அந்த வடிவம் தேய்ந்து, கேட்பதற்குப் பெயர்ச்சொல்லின் முன் வரும் "தி" போலவே ஆகிவிட்டது. "நெவர்தலெஸ்" என்ற சொல்லின் வயிற்றுக்குள் இருப்பதும் இதே ஆள்தான். ஆகவே அந்த வாக்கியம் உண்மையில் சொல்வது, "எந்த அளவால் உயர்கிறோமோ, அந்த அளவால் குளிர்கிறது" என்பதை. இதைச் சொன்ன பிறகு "தி"யை விட்டுவிடும் பிள்ளைகளை நான் அதிகம் பார்க்கவில்லை.

எந்தப் பாதி யாருக்கு வேலைக்காரன்?

அந்தப் பெண்ணின் கேள்விக்கு வருகிறேன். இரண்டு பாதிகளும் பார்ப்பதற்கு இரட்டைப் பிள்ளைகள் மாதிரி இருப்பதால் நாம் ஏமாந்துபோகிறோம். இரண்டும் சமம் அல்ல. முதல் பாதி சார்ந்து நிற்பது. இரண்டாம் பாதிதான் தலைமை வாக்கியம். சந்தேகம் இருந்தால் கடைசியில் ஒரு குட்டிக் கேள்வியை ஒட்டிப் பாருங்கள். "தி ஹையர் வீ கோ, தி கோல்டர் இட் பிகம்ஸ், டஸின்ட் இட்?" என்றால் பொருந்துகிறது. "டோன்ட் வீ?" என்று ஒட்டினால் ஒட்டாது. கேள்வி எப்போதும் தலைமை வாக்கியத்தைத்தான் தேடிப் போகும், இங்கே அது இரண்டாம் பாதியைத் தேடிப் போகிறது.

மேட்டுப்பாளையத்திலிருந்து ஏறும் நீலகிரி மலை ரயிலைப் பார்த்திருப்பீர்கள். கல்லாறு தாண்டிப் பல்சக்கரத் தண்டவாளம் தொடங்கும் ஏற்றத்தில் இன்ஜின் பின்னால் நின்று பெட்டிகளைத் தள்ளிக்கொண்டு போகும். முன்னால் போவது பெட்டி என்பதால் அதுதான் இழுக்கிறது என்று நினைத்தால் என்ன ஆகும்? இந்த அமைப்பும் அப்படித்தான். இன்ஜின் பின்னால் இருக்கிறது.

இது தெரிந்துவிட்டால் அவளுடைய விடை ஏன் சரி என்பதும் தெரிந்துவிடும். தலைமை வாக்கியம் பின்னாலிருந்து முன்னால் வந்துவிட்டால் அதற்கு வேஷம் தேவையில்லை. "இட் பிகம்ஸ் கோல்டர்" என்று சாதாரண வரிசையில் நின்றுகொள்ளும், "தி"யையும் கழற்றிவிடும். சார்பு வாக்கியம் மட்டும் எங்கே போனாலும் தன் அடையாளத்தைச் சுமந்துகொண்டே போகும். "வென்" என்று தொடங்கும் வாக்கியம் முன்னால் இருந்தாலும் பின்னால் இருந்தாலும் "வென்" என்றுதானே தொடங்குகிறது. அதனால் "தி ஹையர் வீ கோ" அப்படியே இருக்கிறது. காணாமல் போனது தலைமை வாக்கியத்தின் "தி". அது காணாமல் போயே ஆக வேண்டும். "தி கோல்டர் இட் பிகம்ஸ், தி ஹையர் வீ கோ" என்று இரண்டு "தி"யையும் வைத்துக்கொண்டு இடம் மாற்றினால் பொருள் தலைகீழாகிவிடும். குளிர் கூடுவதால் நாம் மேலே போகிறோம் என்று ஆகிவிடும்.

சிம்பிள், காம்பவுண்ட், காம்ப்ளெக்ஸ் என்று வாக்கியத்தை வகை மாற்றும் கேள்விகள் நம் பத்தாம் வகுப்புத் தாளில் வருவது எல்லோருக்கும் தெரியும். இந்த ஜோடி வாக்கியத்தை அந்த மூன்றில் எதில் போடுவாய் என்று கேட்டால் பாதிப் பேர் காம்பவுண்ட் என்பார்கள். நடுவில் ஒரு காற்புள்ளி, இரு பக்கமும் ஒரே மாதிரி. பார்த்தால் அப்படித்தான் தோன்றும். அது காம்ப்ளெக்ஸ்.

படிக்கப் படிக்க

இதையெல்லாம் அவளிடம் சார்பு வாக்கியம், தலைமை வாக்கியம் என்று சொல்லிப் புரியவைக்க முடியவில்லை. தலையை ஆட்டினாள், கண்ணில் ஒன்றும் இல்லை. நம் வகுப்புகளில் இந்த அமைப்பை "எவ்வளவுக்கு எவ்வளவோ, அவ்வளவுக்கு அவ்வளவு" என்று சொல்லித் தருவது வழக்கம். நானும் அதைத்தான் சொன்னேன். அவள் உடனே, "அப்படியென்றால் தமிழிலும் இரண்டு பக்கமும் ஒன்றுதானே சார்" என்றாள். உண்மைதான், எவ்வளவு என்றால் அவ்வளவு, தராசின் இரண்டு தட்டு மாதிரி கேட்கிறது. முதல் பாதியின் வினையில் தொங்கும் "ஓ" ஒன்றுதான் வித்தியாசம், அதை யார் கவனிக்கிறார்கள்.

பிறகு கேட்டேன்: "ஊட்டிக்கு பஸ்ஸில் போயிருக்கிறாயா கண்ணு? வளைவு ஏறும்போது உன் பாட்டி இதை எப்படிச் சொல்லுவார்?" அவள் யோசிக்கவே இல்லை. "மேலே போகப் போகக் குளிரும்" என்றாள்.

அந்த இடத்தில்தான் எனக்கே தெளிந்தது. வீட்டில் யாரும் எவ்வளவுக்கெவ்வளவு என்று பேசுவதில்லை. போகப் போகத் தெரியும், கேட்கக் கேட்க இனிக்கும், தோண்டத் தோண்ட ஊறும் என்றுதான் பேசுகிறோம். ஒரு வினையெச்சத்தை இரண்டு முறை சொன்னால் போதும்; கூடிக்கொண்டே போகிறது என்ற பொருள் வந்துவிடுகிறது. அது எச்சம் என்பதால் தனியே நிற்காது, முடிக்கும் வினை ஒன்றைத் தேடும். "மேலே போகப் போக" என்று சொல்லி நிறுத்திப் பாருங்கள், கேட்பவர் "போகப் போக என்ன?" என்பார். எது பெட்டி, எது இன்ஜின் என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்ட முடியாது. அவளுடைய விடையையும் தமிழில் வைத்துப் பார்த்தோம்: "குளிரும், மேலே போகப் போக." பேச்சில் தாராளமாகச் சொல்லலாம். இடம் மாறியபோதும் இரட்டிப்பு எச்சத்தோடுதான் இருக்கிறது, முடிக்கும் வினைக்கு ஒட்டவில்லை. "தி" ஏன் ஒரு பக்கம் மட்டும் தங்கியது என்பதற்கு அவளுக்கு வேறு விளக்கம் தேவைப்படவில்லை.

இந்த வழியில் எதிர்பாராத ஒரு லாபமும் கிடைத்தது. எதிர்காலத்தைச் சொல்ல வேண்டி வந்தால் பிள்ளைகள் இரண்டு பக்கமும் "வில்" போடுவார்கள்: "தி மோர் யூ வில் ப்ராக்டிஸ், தி பெட்டர் யூ வில் ப்ளே." முதல் "வில்" கூடாது. ஏன் கூடாது என்று விதியாகச் சொன்னால் மறுவாரம் மறந்துவிடும். "பழகப் பழக நன்றாக ஆடுவாய்" என்று சொல்லச் சொன்னேன். காலம் எந்தச் சொல்லில் இருக்கிறது? "ஆடுவாய்" என்பதில். "பழகப் பழக"வில் காலமே இல்லை. ஆங்கிலத்தில் வினையைக் காலமில்லாமல் விட முடியாது. அதனால் அந்தப் பக்கம் நிகழ்காலத்தில் நின்றுவிடுகிறது.

"தொட்டனைத்து ஊறும் மணற்கேணி" என்ற குறளை இங்கே நினைக்காமல் இருக்க முடியாது. தோண்டிய அளவுக்கு ஊறும், கற்ற அளவுக்கு ஊறும் அறிவு. நம் பாட நூல்களின் எவ்வளவு-அவ்வளவுக்கு இதுதான் கிட்டத்து உறவு. ஆனால் குறள் அளவையே சொல்கிறது: இவ்வளவு என்றால் அவ்வளவு. ஆங்கில அமைப்பும் நம் "போகப் போக"வும் திசையைத்தான் சொல்கின்றன. மேலே போனால் குளிர் கூடும். எவ்வளவு கூடும் என்ற கணக்கு அதில் இல்லை. அது 1000 மீட்டருக்கு ஏறத்தாழ ஆறரை டிகிரி என்று அறிவியல் ஆசிரியர் சொல்லட்டும்.

இன்ஜின் முன்னால் வரும்போது

ஒரு ஜோடியில் இது பிடிபட்டதும் மற்ற ஜோடிகளையும் இதே கேள்வியோடு பார்க்க ஆரம்பித்தோம். "ஆஸ் சூன் ஆஸ் தி பெல் ராங், தி சில்ட்ரன் ரான் அவுட்." மணி அடித்ததும் பிள்ளைகள் வெளியே ஓடினார்கள். இதில் மணி அடித்தது சார்பு, ஓடியது தலைமை. இதை "நோ சூனர்" போட்டு மாற்றினால், "நோ சூனர் டிட் தி பெல் ரிங் தேன் தி சில்ட்ரன் ரான் அவுட்." பொருள் அதேதான், ஆனால் இன்ஜின் இடம் மாறிவிட்டது. இப்போது தலைமை வாக்கியம் மணியினுடையது. பிள்ளைகள் ஓடியது "தேன்" என்ற கொக்கியில் தொங்குகிறது. (தேனீயின் தேன் அல்ல, ஒப்பீட்டில் வருகிற "தேன்".) சொல்லுக்குச் சொல் பார்த்தால், மணி அடித்தது பிள்ளைகள் ஓடியதைவிடக் கொஞ்சமும் முந்தியதல்ல என்கிறது அந்த வாக்கியம்.

பிள்ளைகள் செய்யும் மூன்று தவறுகளும் இதற்குள் அடங்கிவிடும். "நோ சூனர் தி பெல் ராங்" என்று நேராக எழுதுவது முதல் தவறு. எதிர்மறைச் சொல் ஒன்று தலைமை வாக்கியத்தின் முன்னால் வந்து நின்றால், ஆங்கிலத்தில் துணைவினை எழுவாயைத் தாண்டி முன்னால் வர வேண்டும்; அதனால்தான் "டிட்". "டிட் தி பெல் ராங்" என்று எழுதுவது இரண்டாவது. காலத்தை "டிட்" வாங்கிக்கொண்டுவிட்டது. "ரிங்" வெறுங்கையோடு நிற்க வேண்டும். மூன்றாவது, "தேன்" வர வேண்டிய இடத்தில் "வென்" போடுவது. "சூனர்" என்பது ஒப்பீட்டு வடிவம், "டாலர்", "பிக்கர்" மாதிரி. ஒப்பீடு வந்தால் "தேன்" வரும். "ஸ்கேர்ஸ்லி", "ஹார்ட்லி" இரண்டும் ஒப்பீட்டு வடிவங்கள் அல்ல. அதனால் அவற்றுக்கு "வென்". இந்த ஜோடிகளைப் பட்டியலாக ஒப்பிக்க வைத்தால் தேர்வு அறையில் கட்டாயம் குழம்பும். காரணத்தோடு பார்த்தால் ஒப்பிக்க அங்கே ஒன்றுமே இல்லை.

"டூ-டு", "சோ-தட்" ஜோடியை வேகமாகத் தாண்டிவிடுகிறேன், அதில் ஒரே ஒரு பொறிதான். "தி டீ இஸ் டூ ஹாட் டு டிரிங்க்" என்பதை மாற்றினால் "தி டீ இஸ் சோ ஹாட் தட் வீ கேனாட் டிரிங்க் இட்." கடைசியில் வந்த "இட்"டைப் பாதிப் பேர் விட்டுவிடுவார்கள், மூல வாக்கியத்தில் அது இல்லையே என்று. "டு டிரிங்க்" என்பதில் குடிப்பது யார், எதை என்று சொல்லாமல் விடலாம். முழு வாக்கியமாக விரித்தால் இரண்டையும் சொல்லியாக வேண்டும். "வீ" என்பதைப் போட மறக்காதவர்கள் "இட்"டை ஏன் மறக்கிறார்கள் என்பது எனக்கு இன்னும் விளங்காத ஒன்று.

பொருள் மாறாமல்?

என் மனத்தாங்கலின் வேர் இங்கேதான் இருக்கிறது. "இஃப் யூ ப்ராக்டிஸ், யூ வில் ப்ளே வெல்" என்று கொடுத்து, இதை "தி மோர்" போட்டு மாற்று என்று கேட்கும் பயிற்சிகளைப் பார்க்கிறேன். பழகினால் நன்றாக ஆடுவாய் என்பது ஒரு வாசற்படி. தாண்டினால் உள்ளே, தாண்டாவிட்டால் வெளியே. பழகப் பழக நன்றாக ஆடுவாய் என்பது ஏறிக்கொண்டே போகும் சாய்தளம். முதல் வாக்கியத்தை ஒத்துக்கொள்பவர் இரண்டாவதை மறுக்கலாம். ஓர் அளவுக்கு மேல் பழகினால் தோள்பட்டைதான் போகும் என்று எந்தப் பயிற்சியாளரும் சொல்வார். இரண்டும் ஒரே பொருள் என்று பிள்ளையிடம் சொல்வது பொய். "ஆஸ்" போட்ட, இரு பக்கமும் ஒப்பீடு உள்ள வாக்கியத்திலிருந்து மாற்றச் சொன்னால் மட்டுமே அந்தக் கட்டளை நியாயமானது. கேள்வி தயாரிப்பவர்கள் இந்த ஒரு விஷயத்தைக் கவனித்தால் போதும் என்று நினைக்கிறேன்.

"போகப் போக" வைத்தியம் எல்லா இடத்திலும் பலிக்காது என்பதையும் சொல்லிவிட வேண்டும். பெயர்ச்சொல்லோடு ஒப்பீடு வரும்போது அது கைவிட்டுவிடும். "ஆஸ் யூ ரீட் மோர் புக்ஸ், யூ லேர்ன் மோர் வேர்ட்ஸ்" என்று அடுத்த வாரம் ஒரு கேள்வி வந்தது. அவள் தமிழில் "புத்தகம் படிக்கப் படிக்க" என்று சொல்லிப் பார்த்துவிட்டு, "தி மோர் யூ ரீட் புக்ஸ்" என்று எழுதினாள். அதில் இலக்கணப் பிழை இல்லை, ஆனால் பொருள் நகர்ந்துவிட்டது: மூலத்தில் கூடுவது புத்தகங்களின் எண்ணிக்கை, இவள் வாக்கியத்தில் கூடுவது படிக்கும் நேரம். ஒரே புத்தகத்தைத் திரும்பத் திரும்பப் படிப்பவரும் அதில் அடங்குவார். "மோர்" எந்தச் சொல்லுக்குச் சொந்தமோ அதையும் சேர்த்துத்தான் இழுக்க வேண்டும்: "தி மோர் புக்ஸ் யூ ரீட், தி மோர் வேர்ட்ஸ் யூ லேர்ன்." நம் "புத்தகம் படிக்கப் படிக்க" இந்த இரண்டு பொருளுக்கும் இடம் கொடுக்கிறது, எது என்று காட்டிக்கொடுப்பதில்லை. அங்கே தமிழை விட்டுவிட்டு, கூடுவது புத்தகமா, படிப்பதா என்று நேரடியாகக் கேட்டுக்கொள்வதுதான் வழி. அவள் திருத்தி எழுதினாள். எழுதிவிட்டு, இதையும் இடம் மாற்றி எழுதிக் காட்டட்டுமா என்றாள். நோட்டில் வேண்டாம், தனித்தாளில் எழுது என்றேன்.